கலர் சோட்டருக்குச் சேதஇழப்பு: பழைய மெஷின் விலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சம்மாந்துறை அரிசி ஆலையொன்றின் கணக்கு. வெளி ஆலைகளின் அரிசியைக் கூலிக்குத் தரம்பிரிக்கும் கலர் சோட்டரின் முன்கொணரல் தொகை, அதாவது ஏட்டில் இப்போது நிற்கும் பெறுமதி, 54 இலட்சம். பக்கத்தில் புது மெஷின் வந்ததால் வேலை குறைந்துவிட்டது.

வாங்கக் கேட்டவர் சொன்ன விலை 36 இலட்சம். கழற்றும் கூலி, தரகு 2 இலட்சம் போக 34. ஓடவிட்டால் இன்னும் மூன்று வருடம், வருடத்துக்கு 15 இலட்சம் மிஞ்சும். 12% கழிவுவீதத்தில் இன்றைய பெறுமதி 36.03 இலட்சம். இரண்டில் கூடியதுதான் மீளப்பெறத்தக்க தொகை. ஆகவே இழப்பு 17.97 இலட்சம், மெஷின் மீள்மதிப்பிடப்படாததால் முழுவதும் இலாப நட்டத்துக்கு. இனித் தேய்வு வருடம் 12.01 இலட்சம்.

முதலாளி லோன் வட்டியையும் 15 இலட்சத்தில் கழிக்கச் சொல்கிறார். கூடாது, கழிவுவீதத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது, கழித்தால் இழப்பு வீணாக ஊதும்.

எனக்குத் தேவை விலைக்கு ஆதாரம். ஒருவரின் வாய்ப்பேச்சை ஓடிட்டர் ஏற்கமாட்டார். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இந்த மாதிரி மெஷின் அண்மையில் கைமாறியதா? 36.03 உடன் விற்கும் செலவு 2 இலட்சமும் சேர்த்து 38.03 இலட்சத்துக்கு மேல் போயிருந்தால் மட்டுமே என் இழப்பு குறையும். பில் கொப்பி இருந்தால் இன்னும் நல்லது.