பாட்டி குரல் உள்ள கேசட்டுகள்: ஃபிளாக்கா, எம்பி3யா?

மாடிப்பெட்டி: வீட்டில் 40 கேசட் இருக்கிறது, எல்லாம் 60 நிமிடம். பாட்டி பாடியது, தாத்தா கதை சொன்னது. டெக்கிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்துவிட்டேன். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக்கில் வைக்க வேண்டுமா, எம்பி3 போதுமா?

ஒற்றைக்காது: எம்பி3 தாராளமாகப் போதும். வீட்டு ரெக்கார்டரின் உள்மைக்கில் பிடித்த குரலில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உருப்படியாக என்ன இருக்கப்போகிறது? 128 பிட்ரேட்டில் 40 மணி நேரமும் இரண்டரை ஜிபிக்குள் அடங்கிவிடும். ஃபிளாக்கில் வைத்தால் பாட்டியை அல்ல, நாடாவின் இரைச்சலைத்தான் பத்திரப்படுத்துவீர்கள்.

நாடாச்சுருள்: 12 கிலோஹெர்ட்ஸ் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சிக்கலே அந்த இரைச்சலில்தான் இருக்கிறது.

எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் காதுக்குக் கேட்காது என்று நினைப்பதைக் குறைத்துவிடும். பாட்டி பாடும்போது குரலுக்கு அடியில் இருக்கும் இரைச்சலில் பெரும்பகுதி போய்விடும். அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் திரும்பி வரும். நாடாவில் ஒரே சீராக இருந்த இரைச்சல், கோப்பில் வந்து வந்து போகிறதாக மாறிவிடும்.

சும்மா கேட்கும்போது இது தெரியாது. பின்னால் ஒருநாள் இரைச்சலை நீக்க உட்காரும்போதுதான் தெரியும். ஆடாசிட்டி மென்பொருளில் பேச்சில்லாத இரண்டு விநாடியை மாதிரியாகக் கொடுத்து, "இதைக் கழி" என்கிறோம். முழுப் பதிவிலும் இரைச்சல் அதே மாதிரி இருக்கும் என்பதுதான் அந்தக் கழித்தலுக்கு அடிப்படை. அது சீராக இல்லாவிட்டால் மிச்சம் மீதி தண்ணீருக்கடியில் குமிழி விடுகிற சத்தமாகக் குரலோடு ஒட்டிக்கொள்ளும்.

என் தாத்தாவின் பதிவு ஒன்றில் இதைப் பட்டே தெரிந்துகொண்டேன். 128 எம்பி3யாக வைத்துவிட்டு, நாடாவையும் தூக்கிப் போட்டிருந்தேன். சுத்தம் செய்தபோது அவருடைய 'ச', 'ஷ' எல்லாம் விசில் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் சுத்தம் செய்யாத எம்பி3யையே இரைச்சலோடு வைத்திருக்கிறேன்.

பழையரேடியோ: இரைச்சல் போக இவ்வளவு பேச்சு எதற்கு? டெக்கில் டால்பி பட்டனை அமுக்குங்கள், போய்விடும்.

நாடாச்சுருள்: ஐயா, டால்பி போட்டுப் பதிந்த நாடாவுக்குத்தான் அது. இல்லாததற்குப் போட்டால் இரைச்சலோடு குரலின் கூர்மையும் மழுங்கும். அவர் கேட்டது கோப்பு வடிவத்தைப் பற்றி.

சின்னப்பொண்ணு: என் கதை வேறு. நான் வாங்கிய பிளேயர் நேராகப் பென்டிரைவில் எம்பி3யாக எழுதிவிடுகிறது. அதையெல்லாம் இப்போது ஃபிளாக்காக மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா அண்ணா?

நாடாச்சுருள்: ஆகாதம்மா. போனது போனதுதான், கோப்பு மட்டும் பெரிதாகும். நாளைக்கு யாராவது பார்த்து இதுதான் அசல் என்று நம்பிவிடவும் கூடும். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் குட்டு வெளிப்படும்: நாடாவிலிருந்து நேராக எடுத்ததில் இரைச்சல் மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். 128 எம்பி3யில் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டினாற்போல் நின்றுவிடும். நாடா கையில் இருந்தால் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கம்பி கொடுத்து மறுபடி பதிந்துவிடு.

ஒற்றைக்காது: 128-ஐ எடுத்துக்கொண்டு எம்பி3யையே அடிக்கிறீர்கள். 320-இல் வைத்தால் இந்தக் குமிழி வருமா?

நாடாச்சுருள்: வெகுவாகக் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 320-இல் ஒரு மணி நேரம் 144 எம்பி. 16 பிட், 44.1-இல் சுருக்காத வேவ் 635 எம்பி. அதை ஃபிளாக் ஆக்கினால் என் கேசட்டுகளுக்கு 350-லிருந்து 400 வரை வருகிறது. இரைச்சல் அதிகமான நாடா சரியாகச் சுருங்காது, அதற்கு மேலும் போகும். 40 கேசட்டுக்கும் சேர்த்து வித்தியாசம் பத்து ஜிபி சொச்சம். அதற்காகவா யோசிக்கிறீர்கள்?

ஒற்றைக்காது: இடத்துக்காக இல்லை. என் அத்தைக்கு ஃபிளாக் அனுப்பினேன், "திறக்கவே மாட்டேன் என்கிறது" என்று போன் வந்தது. யாரும் கேட்காத பத்திரம் எதற்கு?

நாடாச்சுருள்: அத்தைக்கு எம்பி3 அனுப்புங்கள், அதை ஃபிளாக்கிலிருந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஃபிளாக்கில் இன்னொரு வசதி, கோப்பு கெட்டுப்போனால் அதுவே காட்டிக்கொடுக்கும். டிஸ்க் மாற்றும்போதெல்லாம் இதை ஓட்டுவேன்:

```
flac -t *.flac
```

ஒவ்வொன்றுக்கும் ok வர வேண்டும்.

மாடிப்பெட்டி: ஏற்கெனவே ஆறு கேசட்டை 128-இல் ஏற்றிவிட்டேன். நல்லவேளை, நாடா பத்திரமாக இருக்கிறது. மறுபடி ஓட்டுகிறேன். 24 பிட்டில் எடுக்கட்டுமா?

ஒற்றைக்காது: கேசட்டின் இரைச்சலே 16 பிட்டின் அடித்தளத்துக்கு எவ்வளவோ மேலே இருக்கிறது. 24 வீண்.

நாடாச்சுருள்: பதியும்போது 24 வையுங்கள். தாத்தா திடீரென்று உரக்கச் சிரித்தால் முகடு வெட்டுப்படாமல் அளவைத் தாழ்த்தி வைக்க இடம் கிடைக்கும். சேமிக்கும்போது 16-க்கு இறக்கலாமா என்பதில் எனக்கே இரண்டு மனம். நான் இறக்குவதில்லை.

ஒற்றைக்காது: நான் இறக்குவேன்.