இரவு 11:42-க்குக் கட்டிய பணம், வங்கி ஆப்பில் இரண்டு நாள் தள்ளி விடிகாலை 5:30 என்று காட்டுகிறது. யாராவது விவரம் சொல்லுங்கள்

நகரி டிசைனர்:
நகரியில் விசைத்தறிச் சேலைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். அதற்கான அமெரிக்க மென்பொருளுக்கு ஜூன் 3 இரவு 11:42-க்கு கிரெடிட் கார்டில் சந்தா கட்டினேன், எஸ்எம்எஸ்ஸும் உடனே வந்தது. ஆனால் மெயிலில் வந்த ரசீதில் ஜூன் 3, 11:12 AM PDT என்று இருக்கிறது. இன்றைக்கு ஆப்பைத் திறந்தால் அந்தப் பழைய பதிவைக் காணோம், அதே கம்பெனி பெயரில் ஜூன் 5, 5:30 AM என்று வேறொன்று நிற்கிறது, தொகையும் கொஞ்சம் கூட. அந்த நேரத்தில் நான் தூக்கத்தில் இருந்தேன். கார்டை பிளாக் பண்ணிவிடலாமா?

புத்தூர்க்காரன்:
பயப்படாதீங்க அண்ணா. நமக்கு ராத்திரி, அவர்களுக்குப் பகல். அதனால்தான் இரண்டு நாள் தள்ளிக் காட்டுது.

குப்பம் ரவி:
ரசீதுக்கு மட்டும் தம்பி சொல்வது சரி. ஜூனில் கலிஃபோர்னியா நம்மைவிட பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், 11:42-லிருந்து கழித்தால் 11:12 கச்சிதமாக வருகிறது. ஆனால் நேர வித்தியாசம் இரண்டு நாளைத் தள்ளாது. கார்டு தேய்த்த அன்று வங்கி அனுமதி மட்டும் கொடுத்துத் தொகையை நிறுத்தி வைக்கும். கடைக்காரர் கணக்கை அனுப்பி அது வங்கிக்கு வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும், அப்போதுதான் நிஜப் பதிவு விழும், பழையது மறையும். டாலர் மதிப்பும் அன்றைய விலைக்கு மாறும், வங்கியின் வெளிநாட்டுக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேரும். தொகை கூடியது அதனால்தான் இருக்கும்.

5:30-க்கு வருகிறேன். அப்படி வரும் கணக்கில் பல சமயம் தேதி மட்டும்தான் இருக்கும், மணி இருக்காது. ஆப் அதை நள்ளிரவு பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு, லண்டன் குளிர்கால நேரமான யூடிசியிலிருந்து நம் நேரத்துக்கு மாற்றினால் 5:30 ஆகிவிடும். உங்கள் மற்ற பழைய பதிவுகளும் 5:30 என்றே நிற்கிறதா பாருங்கள்.

கொல்லங்கோடு அக்கா:
என் மகன் துபாயில் இருக்கான். இங்கே வந்தப்போ அவனோட அந்த ஊர் கார்டில் பணம் கட்டினா எப்பவும் ஒன்றரை மணி நேரம் குறைச்சுக் காட்டும், அதுவும் ஏமாத்து வேலையா?

குப்பம் ரவி:
இல்லை அக்கா, துபாய் நேரம் நம்மைவிட அவ்வளவு பின்னால்தான்.

நகரி டிசைனர்:
பார்த்தேன் சார், போன மாதச் சந்தா, பெட்ரோல் எல்லாமே 5:30 AM தான். பதிவும் ஒன்றே ஒன்றுதான். கார்டை விட்டுவிடுகிறேன்.

புத்தூர்க்காரன்:
அப்போ எனக்கு ஒரு வெளிநாட்டு ஹோட்டல் பதிவு இரண்டும் அப்படியே நிக்குதே, பழையது மறையவே இல்லை.

குப்பம் ரவி:
ஹோட்டல்காரர்கள் முன்கூட்டிப் பிடித்து வைப்பது விடுபடத் தாமதமாகும். இரண்டுக்கும் அனுமதி எண் ஒன்றா என்று வங்கியில் கேளுங்கள். வேறு வேறு என்றாலும் அது பிடித்து வைத்ததாகவே இருக்கலாம், நிஜமாகவே இரண்டு முறை எடுத்ததாகவும் இருக்கலாம். ஹோட்டல் பில் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது.