டாலியில் இன்புட் 67,800 கூடுதலாக நிற்கிறது, போர்ட்டலில் இல்லை. கார், சாப்பாட்டு வரி எங்கே போனது?

மண்டபம் கடைக்காரன்:
வணக்கம். மண்டபத்தில் அப்பா வைத்த கடையை இப்போது நான் பார்க்கிறேன். வலை, கயிறு, படகு எஞ்சின் உதிரி. 14 பேர் வேலை செய்கிறார்கள், மதியச் சாப்பாடு மெஸ்ஸில் இருந்து வருகிறது, மாதம் 30,000, அதன் மேல் 5% வரி. நவம்பர் 10ஆம் தேதி ஒரு சின்ன பெட்ரோல் கார் எடுத்தோம், தொண்டி, ஏர்வாடி பக்கம் வசூலுக்குப் போக. விலை 7,00,000, வரி 18%, அதாவது 1,26,000. எல்லா பில்லையும் டாலியில் நான்தான் போடுகிறேன், ரிட்டர்ன் ஆடிட்டர் ஆபீஸில் போடுவார்கள். ஜனவரி ரிட்டர்ன் போட்ட பிறகு சும்மா ஒத்துப் பார்த்தேன். டாலியில் இன்புட் சிஜிஎஸ்டி போர்ட்டலில் இருப்பதைவிட 67,800 அதிகம், எஸ்ஜிஎஸ்டியிலும் அதே 67,800. போனில் கேட்டால் "காருக்கு பிளாக்குப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பிளாக் என்றால் அந்தப் பணம் அப்படியே போச்சா? டாலியில் அதை என்ன செய்வது?

ராமேஸ்வரம் டிரிப்:
தம்பி, காருக்கு யார் பிளாக் சொன்னது? போன வருஷம் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ஓட்ட ஒரு வண்டி எடுத்தேன், முழு வரியும் இன்புட்டில் எடுத்தேன், ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆடிட்டரை மாற்று.

பாம்பன் பாலு:
ராமேஸ்வரம் அண்ணன் சொல்வது கொஞ்சம் சரி. பிசினஸுக்கு ஓடுகிற கார்தானே, லாக் புக் வைத்துக் காட்டினால் எடுக்கலாம். சாப்பாடும் அப்படித்தான், சட்டப்படி முதலாளி கொடுத்தே ஆக வேண்டிய சாப்பாடு என்றால் இன்புட் உண்டு, 2022இல் சர்க்குலரே வந்தது.

கீழக்கரை கணக்கு:
பாலு, அந்த சர்க்குலர் உண்மை, ஆனால் "சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும்" என்ற இடத்தில் நிற்க வேண்டும். பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் கேன்டீன் கட்டாயம் என்பது 250 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்துக்கு இருந்தது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 100 பேர் முதல். 14 பேருக்கு மெஸ் சாப்பாடு போடுவது அவருடைய நல்ல மனசு, சட்டம் போடச் சொல்லவில்லை. அதனால் பிளாக்தான்.

காரில் லாக் புக் எல்லாம் எடுபடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு, வண்டி எதற்கு ஓடுகிறது என்று பொதுவாகக் கேட்பதில்லை. ஆள் ஏற்றும் வண்டி, டிரைவரோடு சேர்த்து 13 பேருக்குள் உட்காரும் வண்டி என்றால் கதவை மூடிவிடுகிறது. பிறகு மூன்று பேருக்கு மட்டும் திறக்கிறது: வண்டி விற்பவர், காசு வாங்கிப் பயணி ஏற்றுபவர், டிரைவிங் பள்ளி. ராமேஸ்வரம் அண்ணன் இரண்டாவது வகை, அவர் எடுத்தது சரியாக இருக்கலாம் (அண்ணே, நீங்கள் பயணிக்கு 5% பில் போடுகிறீர்கள் என்றால் அந்த இன்புட்டை இன்னொரு தடவை பாருங்கள்). வலைக் கடைக்காரர் வசூலுக்குப் போவது எதிலும் சேராது.

இப்போது தம்பிக்கு. உங்கள் ஆடிட்டர் ஆபீஸ் ரிட்டர்னைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். போர்ட்டலுக்கு இது வசூல் காரா, டாக்ஸியா என்று தெரியாது, அதனால் போர்ட்டல் தருகிற இன்புட் பட்டியலான GSTR-2Bயில் கார் வரியும் மெஸ் வரியும் எடுக்கலாம் என்றே வந்து, மாத ரிட்டர்னான GSTR-3Bயில் 4(A)(5)இல் உட்கார்ந்துவிடும். அவர்கள் அதை 4(B)(1)இல் கழித்திருப்பார்கள். மீதிதான் கிரெடிட் லெட்ஜருக்கு வரும். டாலியில் அந்தக் கழிவுக்கு யாரும் என்ட்ரி போடவில்லை, உங்கள் வித்தியாசம் அதுதான். இரண்டு பக்கமும் ஒரே தொகை நிற்பதே அடையாளம். வேறு மாநில பில் தப்பாக ஏறியிருந்தால் ஐஜிஎஸ்டியிலும் கோளாறு தெரியும்.

பணம் போச்சா என்றால், வரியாகத் திரும்பி வராது, செலவாக வரும். மெஸ் வரி அந்தந்த மாதச் சாப்பாட்டுச் செலவோடு சேர்ந்துவிடும், 30,000 என்பது 31,500 ஆகும். கார் வரியை மட்டும் செலவில் தள்ளிவிடாதீர்கள், நிறைய பேர் செய்கிற தப்பு. அது கார் விலையோடு சேரும். டாலியில் காரின் மதிப்பு 8,26,000 ஆக வேண்டும், தேய்மானம் அதன் மேல். நவம்பரில் எடுத்ததால் மார்ச் வரை 180 நாள் ஆகாது, வருமான வரிக்கு இந்த வருஷம் 15இல் பாதி, 7.5%தான், 61,950.

அக்டோபர் முதல் ஜனவரி வரை நாலு மாதம் மெஸ் என்று எடுத்து இப்படி ஒரு ஜர்னல் போடுங்கள்:

```
கார்                     Dr  1,26,000
பணியாளர் சாப்பாடு        Dr     6,000
   இன்புட் சிஜிஎஸ்டி      Cr    66,000
   இன்புட் எஸ்ஜிஎஸ்டி     Cr    66,000
```

மண்டபம் கடைக்காரன்:
அண்ணே, போட்டுவிட்டேன். மெஸ் பில் நாலும் அக்டோபரில் இருந்துதான், பிங்க் கார்பன் தாள், ஒன்றில் குழம்புக் கறையில் ஜிஎஸ்டி நம்பரே தெரியவில்லை. ஆனால் இன்னும் இரண்டு பக்கமும் 1,800 நிற்கிறது.

தொண்டி மீன்:
இடையில் ஒன்று கேட்கிறேன். நான் பின்னால் பெட்டி ஏற்றுகிற, முன்னால் ஐந்து பேர் உட்காருகிற பிக்கப் எடுக்கலாம் என்று இருக்கிறேன். சரக்கு வண்டிக்குத் தடை இல்லைதானே, அப்போது முழுசும் எடுக்கலாமா?

கீழக்கரை கணக்கு:
தொண்டி, நீங்கள் ஐஸ் போட்ட மீன் மட்டும் விற்றால் அதற்கு வரியே இல்லை, அப்போது எந்த வண்டிக்கும் இன்புட் கிடையாது, இந்தக் கேள்வியே வராது. வரி உள்ள சரக்கும் விற்பதாக இருந்தால் ஆர்.சி.யில் சரக்கு வண்டி என்று பதிவாகிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்து சீட் பிக்கப்பில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

தம்பி, நவம்பர் GSTR-3B பிடிஎஃப்பைத் திறந்து 4(B)(1)இல் மத்திய வரிக் கட்டத்தில் என்ன இருக்கிறது சொல்லுங்கள்.

மண்டபம் கடைக்காரன்:
65,550.

கீழக்கரை கணக்கு:
கார் 63,000, மெஸ் 750, மீதி 1,800. 9% என்றால் 20,000க்கு ஒரு பில். நவம்பரில் காரோடு சேர்ந்து 20,000க்கு என்ன வாங்கினீர்கள்?

மண்டபம் கடைக்காரன்:
இன்சூரன்ஸ்! ஷோரூமில் கொடுத்த பைலிலேயே இருக்கிறது, நான் அதைத் தனி பில்லாக இன்புட்டோடு போட்டிருக்கிறேன்.

கீழக்கரை கணக்கு:
அதுதான். அடைபட்ட காரின் இன்சூரன்ஸ், சர்வீஸ், ரிப்பேர் எல்லாம் அதே கதவுக்குள். 3,600ஐ இன்சூரன்ஸ் செலவில் சேருங்கள், காரில் சேர்க்க வேண்டாம். அடுத்த சர்வீஸ் பில் வரும்போது வரியோடு சேர்த்துச் செலவாகவே போட்டுவிடுங்கள்.

பாம்பன் பாலு:
சரி, சாப்பாட்டில் தோற்றேன். டீக்கடை டீக்கு?

கீழக்கரை கணக்கு:
டீக்கடைக்காரர் வரி போட்டு உங்களுக்கு பில் கொடுத்தாரா?

மண்டபம் கடைக்காரன்:
பூஜ்யம் வந்துவிட்டது அண்ணே. ஒன்று மட்டும். டிசம்பர் பிடிஎஃப்பில் மெஸ் 750, 4(B)(1)இல் இல்லை, 4(B)(2)இல் இருக்கிறது.

கீழக்கரை கணக்கு:
அது தப்பான வீடு. 4(B)(2) என்பது பின்னால் திரும்ப எடுக்கப் போகிற இன்புட்டுக்கு. லெட்ஜரில் கழிந்துவிட்டதால் உங்கள் டாலிக்குப் பாதகம் இல்லை, ஆனால் ரீகிளைம் ஸ்டேட்மென்டில் 750, 750 என்று தொங்கும், வருஷக் கடைசியில் யாராவது பார்த்து "அட, எடுக்காமல் விட்டிருக்கிறோமே" என்று எடுத்துவிடுவார்கள். எப்படித் திருத்தப் போகிறார்கள் என்று ஆடிட்டர் ஆபீஸில் கேளுங்கள், இதில் ஆளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள்.

மண்டபம் கடைக்காரன்:
காலையில் இருந்து அடிக்கிறேன், எடுக்கவில்லை. எடுத்ததும் எழுதுகிறேன்.