திசை மாற்றும்போது எகிறும் மின்னோட்டம்: வழி சொல்லுங்கள்

வணக்கம். 12 வோல்ட் பிரஷ் மோட்டாரை பி.டி.எஸ். 7960 எச்-பிரிட்ஜ் வழியாக ஆர்டுயினோ ஊனோ கொண்டு இயக்குகிறேன். 490 ஹெர்ட்ஸில் காதைத் துளைத்த கீச்சொலி, பி.டபிள்யூ.எம். அதிர்வெண்ணை 20 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தியதும் அடங்கியது. டிரைவர் சற்றுக் கூடுதலாகச் சூடாகிறது. அதன் வரம்பே 25 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால் இதற்கு மேல் போகப்போவதில்லை.

தலைவலி திசை மாற்றத்தில்தான். முழு வேகத்தில் சட்டென்று திருப்பினால் 10 ஆம்பியர் மின்வழங்கி அணைந்துவிடுகிறது. காரணம் தெரிகிறது: ஓடும் மோட்டாரின் எதிர் மின்னழுத்தம் சுமார் 11 வோல்ட். திருப்பிய கணத்தில் அது 12 வோல்ட்டோடு கூடிக்கொள்கிறது. சுருளின் தடை 1 ஓம் என்பதால் 23 ஆம்பியர் வரை பாயும்.

இப்போது பி.டபிள்யூ.எம். அளவை அரை நொடியில் பூஜ்யத்துக்கு இறக்கிய பிறகே திருப்புகிறேன். மின்வழங்கி அணைவதில்லை, ஆனால் இறக்கும்போது அதன் முனைகளில் 15 வோல்ட் காட்டுகிறது. மோட்டார் ஜெனரேட்டராகி ஆற்றலைத் திருப்பி அனுப்புகிறது, மின்வழங்கியால் அதை ஏற்க முடியவில்லை.

4700 மைக்ரோபாரட் மின்தேக்கி இதற்குப் போதுமா? அல்லது இரு உள்ளீடுகளையும் தாழ்நிலையில் வைத்து, மோட்டார் முனைகளைக் குறுக்கிணைத்தே நிறுத்திவிடலாமா? அப்போது 11 ஆம்பியர் டிரைவருக்குள்ளேயே சுற்றும். தினமும் பலமுறை அப்படிச் செய்தால் தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.