டயப்பர் புண்: இரவில் எப்போது மாற்றுகிறீர்கள்?

வணக்கம். அம்மாவுக்கு 76 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து படுக்கைதான், எட்டு மாதமாக டயப்பர். போன மாதம் தொடை இடுக்கிலும் பின்புறமும் தோல் சிவந்து, ஈரமாக உரிய ஆரம்பித்தது.

தப்பு என்னுடையதுதான். ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, ஜிங்க் ஆக்சைடு கிரீமைக் கெட்டியாக அப்பினேன். வீட்டுக்கு வரும் நர்ஸ் அக்கா கழற்றிய டயப்பரைப் பிரித்துக் காட்டினார். கிரீம் ஒட்டிய இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. சிறுநீர் உள்ளே இறங்காமல் தோலிலேயே நின்றிருக்கிறது.

இப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்தபின் மெல்லிசாகப் பூசுகிறோம். மலம் போனால் உடனே மாற்றுகிறோம். பழைய கிரீமைச் சுரண்டுவதில்லை, அழுக்கான மேல்படலத்தை மட்டும் துடைக்கிறோம். பின்புறம் ஆறிவிட்டது. இடுக்கில் மட்டும் சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரி. பூஞ்சை என்று சொல்லி டாக்டர் குளோட்ரிமசோல் கொடுத்திருக்கிறார்.

பிரச்சினை இரவில்தான். பத்து மணிக்கு மாற்றினால் காலை ஐந்துக்குள் டயப்பர் கனத்துத் தொங்குகிறது. இரண்டு மணிக்கு எழுப்பினால் அம்மா விடியும்வரை தூங்குவதில்லை, பாவமாக இருக்கிறது. அதிகம் உறிஞ்சும் இரவு டயப்பர் போட்டு முழு இரவும் விட்டவர்கள் இருக்கிறீர்களா? தோல் தாங்கியதா? பூஞ்சை மருந்து தடவி எவ்வளவு நேரம் கழித்து ஜிங்க் கிரீம் போடுகிறீர்கள்? பார்த்துக்கொண்ட அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.