ஒட்டெதிர்ப்பு: யார் யாரை எதிர்ப்பது?

உணவியலாளர், அடையாறு:
வணக்கம். பிறர் கொடுத்த ஸ்டெம் செல்லை ஏற்றிக்கொண்டு வீடு திரும்புபவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட்' நோய்க்கு 'ஒட்டு எதிர்ப்பு' என்று எழுதியிருக்கிறோம். சரிதானா?

தமிழாசிரியர், குரோம்பேட்டை:
'ஒட்டு' குற்றியலுகரம், ஆகவே 'ஒட்டெதிர்ப்பு' என்று புணர்த்துங்கள். ஆனால் ஹோஸ்ட் எங்கே போனார்? அவர் ஓம்புநர். விருந்து என்றால் பழைய வழக்கில் புதுமை. புதிதாக வந்த செல் விருந்து, அது ஓம்புநரைத் தாக்குகிறது. ஆகவே 'விருந்துப்பகை'!

குருதியியல் மருத்துவர், பெரம்பூர்:
ஐயா, அப்படிப் போட்டால் கல்யாண விருந்துக்குப் போகாதே என்றுதான் படிப்பார்கள். 'ஒட்டெதிர்ப்பு' இன்னும் மோசம். உடல் ஒட்டைத் தள்ளிவிடுவது வேறு கோளாறு. இங்கே ஒட்டோடு வந்த டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் குடல் சுவரை அந்நியமாக நினைத்து அரிக்கின்றன.

ஒருவர், தாம்பரம்:
என் மச்சானுக்கு இரண்டாவது வாரம் வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. அதுவும் இதுதானே? குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது மூக்கில் குழாய் எதற்கு?

உணவியலாளர்:
அந்த வாரத்து வாய்ப்புண் பெரும்பாலும் முன்னே கொடுத்த கீமோவால் வருவது. வெள்ளணு ஏற ஏற ஆறும். வாய்தான் மூடியிருக்கிறது, குடல் வேலை செய்கிறது, அதனால்தான் குழாய். பிளேட்லெட் குறைவாக இருந்தால் மூக்கில் ரத்தம் கசியும் என்பதால் எண்ணிக்கை பார்த்துத்தான் போடுவார்கள். 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டரில் 200 கலோரிக்கு மேல் இருக்காது. 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 1800 வேண்டும்.

மருத்துவர்:
குடல் தாக்கப்பட்டால் கணக்கே வேறு. ஒருவர் ஒரு மாதம் கழித்து வந்தார். 'நாலு தடவைதான் சார் போகிறது' என்றார். ஒரு நாள் முழுக்கப் பிடித்து அளந்தால் 1400 மில்லி, பச்சைத் தண்ணீர். நாளுக்கு 500 தாண்டினாலே கவனிக்க வேண்டும், 1500 தாண்டினால் தீவிரம். ஆகவே கையேட்டில் 'எத்தனை தடவை' என்று கேட்காமல், அளவு ஜாடியைக் கொடுங்கள். அவருக்கு ஸ்டீராய்டு ஆரம்பித்தோம். பாலும் கொழுப்பும் நிறுத்தி, குழாயில் மெல்லச் சொட்டவிட்டு, மீதிச் சத்தை ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தோம். குடலை முழுக்கப் பட்டினி போட்டால் அதன் உட்சுவர் தேயும். ரத்தக்குழாய் வழியில் தொற்று பயமும் உண்டு. ஆனால் மலத்தில் ரத்தம் வந்தாலோ, குடல் அசையாமல் வயிறு உப்பினாலோ குழாய் உணவை நிறுத்தியே ஆக வேண்டும்.

தமிழாசிரியர்:
'ரத்தக்குழாய்' எதற்கு? 'சிரை' இருக்கிறதே.

உணவியலாளர்:
சிரை என்றால் இங்கே முகம் மழிப்பதுதான் நினைவுக்கு வரும். வார்டில் எல்லோரும் 'நரம்பு' என்கிறார்கள்.

தமிழாசிரியர்:
நரம்பு வேறு, சிரை வேறு! பிழையை அச்சிடாதீர்கள்.

உணவியலாளர்:
சரி, 'ரத்தக்குழாய்வழி உணவு'. நோய்க்கு 'தானச்செல் தாக்குதல்'. மூவர் ஆதரவு, இதோடு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
'தானம்' வடசொல். 'கொடைச்செல்' என்று என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'செல்' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

தாம்பரத்துக்காரர்:
அப்புறம் மோர் எப்போது கொடுக்கலாம்?