p-value ஸ்லைடைத் தமிழாக்கும்போது எதை ஆங்கிலத்தில் விடுவது?

தேன்மொழி:
எங்கள் புள்ளியியல் படிப்புக் குழுவுக்காக ஹைபாதிசிஸ் டெஸ்டிங் பற்றிய ஆங்கில ஸ்லைடுகளைத் தமிழில் மாற்றுகிறேன். கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே விடுவது என்று குழுவில் முடிவாகிவிட்டது. ஆனால் ஒரு ஸ்லைடில் மட்டும் ஆளுக்கொரு விடை வருகிறது. என் வரிகள் இவை: "p-value என்பது அப்சர்வ்டு ரிசல்ட் கிடைப்பதற்கான ப்ராபபிலிட்டி, நல் ஹைபாதிசிஸ் ட்ரூ என்று அஸ்யூம் செய்து. 0.05-க்குக் கீழே வந்தால் ரிஜெக்ட், இல்லையென்றால் அக்செப்ட்." பயிற்சிக் கணக்கு: நாணயத்தை 10 முறை சுண்டியதில் 8 தலை. நாணயம் ஒருபக்கம் சாய்ந்ததா? சிலருக்கு 0.044, சிலருக்கு 0.055, R-இல் போட்டுப் பார்த்தவருக்கு 0.109. எதை மாற்ற வேண்டும்?

கதிரவன்:
ஆங்கிலச் சொற்களை விட்டுவைத்ததுதான் காரணம். நிகழ்தகவு பள்ளியிலேயே படித்த சொல். கருதுகோள் எல்லாருக்கும் தெரியும். இவற்றைத் தூக்கிவிட்டு ப்ராபபிலிட்டி, ஹைபாதிசிஸ் என்று தமிழ் எழுத்தில் ஆங்கிலம் எழுதினால் படிப்பவர் ஒலியை மட்டும்தான் படிக்கிறார். அதிலும் "நல் ஹைபாதிசிஸ்" என்பதைப் பாருங்கள். நல்வாழ்த்து, நல்வரவு என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது நல்ல கருதுகோள் என்றுதான் தெரியும். முழுவதும் தமிழில் எழுதுங்கள், குழப்பம் தானாகத் தீரும்.

சாரதா:
"நல்" பற்றிச் சொன்னது சரிதான் கதிரவன், அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மூன்று விடைகள் வந்ததற்குக் காரணம் அது இல்லை. ப்ராபபிலிட்டியை நிகழ்தகவு என்று மாற்றி அதே வரியை எழுதிப் பாருங்கள். அப்போதும் அதே மூன்று விடைகள்தான் வரும்.

கணக்கைப் போட்டுவிடுவோம். சமமான நாணயத்தை 10 முறை சுண்டினால் 1024 விதமான வரிசைகள் வரலாம், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. அவற்றில் சரியாக 8 தலை உள்ளவை 45, 9 தலை உள்ளவை 10, பத்தும் தலையானது 1.

தேன்மொழியின் வரியை எழுதியபடியே படிப்பவர் என்ன செய்வார்? "கிடைத்த முடிவு" 8 தலை. அது வருவதற்கான வாய்ப்பு 45/1024, அதாவது 0.044. அவர் எந்தச் சொல்லையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, ஸ்லைடில் இருப்பதை அப்படியே செய்திருக்கிறார். ஆங்கில மூலத்தில் "குறைந்தது அந்த அளவுக்காவது விலகிய" என்ற பொருளில் ஒரு துண்டு நிச்சயம் இருந்திருக்கும். கலைச்சொல் பட்டியலில் அது வராது, அதனால் மொழிபெயர்க்கும்போது கண்ணில் படாமல் நழுவிவிடும்.

பாடம் ஏற்கெனவே தெரிந்தவர்கள் அந்தத் துண்டை மனதுக்குள் சேர்த்துக்கொண்டு "8 அல்லது அதற்கு மேல்" என்று படித்திருப்பார்கள். 45, 10, 1 மூன்றையும் கூட்டினால் 56. 56/1024 என்பது 0.055. இப்போது 0.05 கோட்டைப் பாருங்கள். முதல் ஆள் "நாணயம் சாய்ந்தது" என்பார், இரண்டாம் ஆள் "சொல்ல முடியாது" என்பார். விடுபட்ட நாலு சொல்லில் தீர்ப்பே மாறிவிட்டது.

தேன்மொழி:
மூலத்தில் அந்தத் துண்டு இருக்கிறது அக்கா. அப்படியானால் 0.109 எங்கிருந்து வந்தது?

சாரதா:
R-இல் இதைப் போட்டிருப்பார்கள்:

```
binom.test(8, 10)
```

கேள்வி "சாய்ந்ததா" என்பதுதானே தவிர, "தலைப் பக்கம் சாய்ந்ததா" என்பது இல்லை. அதனால் 8 தலை எவ்வளவு விலகலோ, 2 தலையும் அவ்வளவு விலகல். 5 தலையிலிருந்து இரண்டுமே 3 தள்ளி நிற்கின்றன. மறுபக்கத்து 56-ஐயும் சேர்த்தால் 112/1024, அதாவது 0.109.

ஆகவே "8 அல்லது அதற்கு மேல்" என்று எழுதினாலும் போதாது. "மேல்" என்றாலே ஒரு பக்கம் என்று ஆகிவிடுகிறது. "எதிர்பார்த்ததிலிருந்து இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாகவோ விலகிய" என்று எழுதினால் இரண்டு பக்கமும் அடங்கும். விலகல் என்ற சொல் மேலுக்கும் கீழுக்கும் பொது.

ரஃபீக்:
எங்கள் குழுவிலும் இந்தச் சிக்கல் இருந்தது. பாதிப் பேர் இலங்கையில் தமிழ் வழியில் படித்தவர்கள், மீதிப் பேர் தமிழ்நாட்டில் படித்தவர்கள். ஒரு தரப்பு நியம விலகல் என்கிறது, மறு தரப்பு திட்ட விலக்கம் என்கிறது. எந்தச் சொல்லைப் போடுவது என்பதிலேயே கூட்டம் முடிந்துவிடும். கடைசியில் இரண்டையும் விட்டு ஸ்டாண்டர்டு டீவியேஷன் என்று எழுதினோம், சண்டை நின்றது. தேன்மொழி, முதலில் ஒரு சொல் பட்டியல் போட்டு எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். விடைகள் ஒன்றாகிவிடும்.

சாரதா:
ரஃபீக், உங்கள் குழுவுக்கு அந்தப் பட்டியல் தேவைதான். இங்கே சொல்லில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லையே. எல்லாரும் p-value என்றே சொல்லிக்கொண்டு வேறு வேறு எண்ணைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கதிரவன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்தால், தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. "சிக்னிஃபிகன்ட்" என்று ஸ்லைடில் பார்ப்பவர் அன்றாட ஆங்கிலப் பொருளையே எடுத்துக்கொண்டு, "பெரிய வித்தியாசம், முக்கியமான வித்தியாசம்" என்று நினைப்பார். புதிய தமிழ்ச் சொல் ஒன்று இருந்தால் "இது என்ன?" என்றாவது கேட்பார்.

சாரதா:
இது நல்ல வாதம், எனக்கு இதற்கு முழு மறுப்பு இல்லை. நிகழ்தகவை நானும் தமிழில்தான் எழுதுவேன். ஆனால் தேன்மொழியின் குழு நாளைக்கு R திரையின் முன்னால் உட்காரப் போகிறது. அங்கே வருவது இது:

```
p-value = 0.1094
alternative hypothesis: true probability of success is not equal to 0.5
```

இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் கணக்கிட்டேன் என்று R சொல்வது அந்த `not equal to` என்பதில்தான். ஸ்லைடில் முழுத் தமிழ்ச் சொல் மட்டும் இருந்தால் அந்த வரி அவர்களுக்கு அந்நியமாகிவிடும். அதனால் என் அளவுகோல் இதுதான்: திரையில் எந்த வடிவத்தில் பார்ப்பார்களோ, அதை அந்த வடிவத்திலேயே ஸ்லைடிலும் வைக்க வேண்டும். `p-value`, `alternative hypothesis` அப்படியே ரோமன் எழுத்தில். "நல்" வேண்டாம், `H0` என்ற குறியீடு போதும். அஸ்யூம், ட்ரூ, ரிஜெக்ட், அக்செப்ட் இவையெல்லாம் கலைச்சொல் என்ற போர்வையில் நுழைந்த சாதாரணச் சொற்கள். அவற்றைத் தமிழில் எழுதினால் வாக்கியம் தானாக நிமிரும்.

வாக்கியத்தின் வரிசையையும் மாற்ற வேண்டும். தேன்மொழி நிபந்தனையைக் கடைசியில் தொங்கவிட்டிருக்கிறார், அது ஆங்கில வாக்கியத்தின் வரிசை. தமிழில் நிபந்தனை முன்னால் வருவதுதான் இயல்பு. "`H0` உண்மை என்று வைத்துக்கொண்டால்" என்று தொடங்கினால், பின்னால் வரும் நிகழ்தகவு முழுவதும் அதற்குள் அடங்கியது என்பது படிக்கும்போதே தெரியும். "`H0` உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவுதான் `p-value`" என்று நினைத்துவிடும் வழக்கமான தவறுக்கும் அங்கே இடம் குறையும்.

முகில்:
ஒரு நடைமுறைச் சிக்கல். இம்மாதிரி ஸ்லைடுகளில் வாக்கியத்துக்குக் கீழே P(X ≥ 8 | H0) என்று சூத்திரம் போட்டு, வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் அம்பு வரைந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் போகும். தமிழில் நிபந்தனை முதலில் வந்தால், அது சூத்திரத்தின் கடைசிக்குப் போக வேண்டும், அம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும். சூத்திரத்தை வாய்விட்டுப் படிப்பதும் சிரமம். நான் ஆங்கில வரிசையையே விட்டுவிடுவேன். கொஞ்சம் செயற்கையாக இருந்தாலும் சூத்திரத்தோடு ஒட்டிப் போகும்.

சாரதா:
அம்புக்குப் பதில் நிறம் கொடுங்கள். "`H0` உண்மை என்றால்" என்ற துண்டுக்கும் கோட்டுக்குப் பின்னால் உள்ள H0-வுக்கும் ஒரே நிறம். வாக்கியத்தை ஏன் உடைக்க வேண்டும்?

முகில்:
கறுப்பு வெள்ளையில் அச்செடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் வாய்விட்டுப் படிப்பதற்கு நிறம் உதவாது. பாடம் நடத்துபவர் கோட்டிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும், அதற்குப் பழக நாளாகும்.

தேன்மொழி:
திருத்திய வரி இது: "`H0` உண்மை என்று வைத்துக்கொண்டால், இப்போது கிடைத்த அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு வருவதற்கான நிகழ்தகவுதான் `p-value`. அது 0.05-க்குக் கீழே இருந்தால் `H0`-ஐ நிராகரிக்கிறோம், இல்லையென்றால் ஏற்கிறோம்."

சாரதா:
முதல் வாக்கியம் அருமை. கடைசிச் சொல்லை மட்டும் மாற்றுங்கள். "ஏற்கிறோம்" என்றால் நாணயம் சமமானது என்று நிரூபித்துவிட்டது போல ஆகிவிடும். இதை ஓட்டிப் பாருங்கள்:

```
binom.test(8, 10, p = 0.8)
```

இங்கே `H0` என்பது தலை விழும் வாய்ப்பு 0.8, நன்றாகச் சாய்ந்த நாணயம். `p-value` 1 என்று வரும், இதையும் நிராகரிக்க முடியாது. அதே 10 சுண்டலை வைத்து 0.5-ஐயும் ஏற்றேன், 0.8-ஐயும் ஏற்றேன் என்று சொல்ல முடியுமா? "`H0`-ஐ நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை" என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் அதில் சுருக்க எதுவும் இல்லை.

முகில்:
அந்த நீளத்துக்கு ஸ்லைடை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றிலேயே அடைத்தால் எழுத்து தானாகச் சிறுத்துப் பின்வரிசைக்குத் தெரியாமல் போகும். `p-value` ஒரு ஸ்லைடு, தீர்ப்பு அடுத்த ஸ்லைடு.

கதிரவன்:
நிகழ்தகவும் நிராகரிப்பும் தமிழுக்கு வந்துவிட்டன, மகிழ்ச்சி. ஆனால் `H0` என்பதை வாயால் எப்படிச் சொல்வார்கள்? குறியீட்டை எழுதிவிடலாம், பேசும்போது ஒரு சொல் வேண்டுமே. இன்மைக் கருதுகோள் என்று முதல் ஸ்லைடில் ஒருமுறையாவது அறிமுகப்படுத்துங்கள்.

ரஃபீக்:
எங்கள் பக்கத்தில் சூனியக் கருதுகோள் என்பார்கள். அதையும் பக்கத்தில் போட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும்.

தேன்மொழி:
எங்கள் குழுவில் எச் ஜீரோ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். முதல் ஸ்லைடில் இரண்டு சொல்லையும் போட்டுவிட்டு, அதன்பிறகு `H0` மட்டும் எழுதுகிறேன். பயிற்சிக் கேள்வியையும் மாற்றிவிட்டேன்: "நாணயம் எந்தப் பக்கமாவது சாய்ந்ததா?" சூத்திரத்தில் X ≥ 8 என்பது ஒரு பக்கம்தானே, அதையும் |X − 5| ≥ 3 என்று மாற்றினேன். அம்பா நிறமா என்பதை முகிலும் அக்காவும் இன்னும் முடிக்கவில்லை. இப்போதைக்கு இரண்டும் இல்லாமல், தமிழ் வாக்கியத்தை மேலேயும் சூத்திரத்தைக் கீழேயும் தனித்தனியாக வைத்திருக்கிறேன்.